இரும்பு(III): அந்த மூன்றை வாயால் எப்படிச் சொல்வது?

செல்வராணி (பட்டர்வொர்த்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்காம் படிவ, ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வீட்டிலேயே வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பாடநூல் மலாயில் இருக்கிறது, சிலருக்கு ஆங்கிலத்தில். ஆனால் புரியவைக்கும் பேச்செல்லாம் எங்கள் மேசையில் தமிழில்தான் நடக்கும். அங்கேதான் சிக்கல்.

புத்தகத்தில் ஃபெரம்(III) சல்பேட் என்று இருக்கும். கண்ணால் பார்க்கும்போது அடைப்புக்குறியும் ரோமன் எண்ணும் 'நான் வேறு' என்று காட்டிவிடும். வாயால் சொல்லும்போது அது 'ஃபெரம் தீகா' ஆகிவிடுகிறது. நான் தமிழில் 'இரும்பு மூன்று சல்பேட்' என்று சொன்னேன். ஒரு பெண் உடனே வெண்பலகையில் Fe₃SO₄ என்று எழுதினாள். மூன்று இரும்பு, ஒரு சல்பேட். அவள் காதில் விழுந்ததைத்தான் எழுதினாள்.

அப்படி இல்லை, இரும்பின் மின்னூட்டம் மூன்று என்று சொன்னேன். சரி என்று Fe³⁺, SO₄²⁻ இரண்டையும் எழுதினாள். அப்புறம் Fe₃(SO₄)₂ என்று போட்டாள். அந்த மூன்று இரும்புக்குச் சொந்தம் என்று மனதில் ஒட்டிக்கொண்டதால் அதை அங்கேயே இறக்கிவிட்டாள். கூட்டிப் பார்க்கச் சொன்னேன். மூன்று இரும்பு என்றால் கூட்டல் ஒன்பது, இரண்டு சல்பேட் என்றால் கழித்தல் நான்கு. ஐந்து மிச்சம் நிற்கிறது, அப்படி ஓர் உப்பு இருக்க முடியாது. இரண்டும் சமமாக வேண்டுமானால் இரு பக்கமும் ஆறு வரவேண்டும். இரண்டு இரும்பு, மூன்று சல்பேட், Fe₂(SO₄)₃. அதை எழுதி முடித்ததும் அவள் சொன்னதுதான் என்னை இங்கே எழுத வைத்தது: "அதான் டீச்சர், மூணு இருக்குன்னு நான் முதல்லயே சொன்னேன்ல?"

சல்பேட்டின் காலடியில் இருக்கும் 3-ஐப் பார்த்துச் சொல்கிறாள்! பெயரில் உள்ள மூன்றும் வாய்பாட்டில் உள்ள மூன்றும் ஒன்று என்று நினைத்துவிட்டாள். அடுத்து ஃபெரம்(III) பாஸ்பேட் கொடுத்தேன். அது FePO₄. எங்கேயும் 3 கிடையாது. முகம் வாடிவிட்டது.

ஆகவே என் கேள்வி: பெயரில் வரும் அந்த ரோமன் எண்ணை உரக்கச் சொல்லும்போது, 'இத்தனை அணு' என்று காதில் விழாதபடி ஒரு தமிழ்ச் சொல் அமைக்க முடியுமா?

---

அறவாழி (செந்தூல்) எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். நல்ல முயற்சி. ரோமன் எண்தான் குழப்பம் என்றால் அதைத் தூக்கிவிட்டுத் தமிழ் எண்ணையே போடலாமே? இரும்பு(௩) சல்பேட் என்று எழுதினால் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்களும் பழகிவிடும். சல்பேட்டுக்கும் கந்தகத்திலிருந்து ஒரு பெயர் எடுத்துவிடலாம். நான் வேண்டுமானால் ஒரு பட்டியல் தயாரிக்கிறேன்.

---

செல்வராணி எழுதியது:

> இரும்பு(௩) சல்பேட் என்று எழுதினால்

ஐயா, எழுதுவதில் தொல்லையே இல்லை. தேர்வுத் தாளில் அவர்கள் ரோமன் எண்ணைத்தான் எழுத வேண்டும். நான் கேட்பது வாயால் சொல்ல ஒரு சொல். ௩ என்று எழுதினாலும் அதை 'மூன்று' என்றுதானே படிப்போம்? காதுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

---

தினேஷ் (கூச்சாய் லாமா, கோலாலம்பூர்) எழுதியது:

அக்கா, இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். அந்த ரோமன் எண் இணைதிறன்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள சொல்தான் அது. இரும்பு மூன்று என்பதற்குப் பதில் 'மூவிணை இரும்பு' என்று சொல்லுங்கள். மூன்று கை நீட்டும் இரும்பு என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

வாய்பாடு எழுதுவதும் சுலபம். மேலே உள்ள இரண்டு எண்களையும் குறுக்கே மாற்றிக் கீழே இறக்குங்கள். பொதுக் காரணி இருந்தால் சுருக்குங்கள். Cu²⁺, O²⁻ என்றால் Cu₂O₂ வரும், சுருக்கினால் CuO. நான் படித்த காலத்தில் இந்த வழி ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

---

அன்பரசன் (பாயான் லெப்பாஸ்) எழுதியது:

இந்தப் பேச்சைப் படித்ததும் எங்கள் வேலையிடம் நினைவுக்கு வந்தது. மின்சுற்றுப் பலகை செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரசாயனக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். செம்புத் தகட்டை அரிப்பதற்கு ஒரு பழுப்புத் திரவம் வரும். பழைய டிரம்களில் ஃபெரிக் குளோரைடு என்று ஒட்டியிருக்கும். புது டிரம்களில் ஃபெரம்(III) குளோரிடா. புதிதாக வந்த பையன் இரண்டும் வேறு வேறு சரக்கு என்று நினைத்துத் தனித்தனி அடுக்கில் வைத்துவிட்டான். கையிருப்புக் கணக்கு இரண்டு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

என் சந்தேகம் ஒன்று. இந்த 'இக்' என்றாலே மூன்று என்று வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் அதையே தமிழில் கொண்டு வந்துவிடலாமே. எங்களிடம் குப்ரிக் குளோரைடும் இருக்கிறது. அதுவும் மூன்றா?

---

இராஜகோபால் (பெட்டாலிங் ஜெயா) எழுதியது:

அன்பரசனிடமிருந்தே தொடங்குகிறேன். அவருடைய கேள்விக்குள்தான் இந்த ரோமன் எண் எதற்கு வந்தது என்ற கதை இருக்கிறது.

இல்லை தம்பி, குப்ரிக் என்றால் மூன்று அல்ல, இரண்டு. ஃபெரிக் மூன்று, ஃபெரஸ் இரண்டு. குப்ரிக் இரண்டு, குப்ரஸ் ஒன்று. 'இக்' என்றால் 'இந்த உலோகத்தின் இரண்டு நிலைகளில் கூடுதலானது' என்று மட்டும்தான் பொருள். எவ்வளவு கூடுதல் என்று அது சொல்லாது. ஃபெரஸும் குப்ரிக்கும் ஒரே எண்ணைக் குறிக்கின்றன, ஒன்று 'அஸ்', மற்றது 'இக்'. உலோகத்துக்கு உலோகம் மனப்பாடம் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். மாங்கனீசு போல இரண்டு, நான்கு, ஆறு, ஏழு என்று பல நிலைகளில் நிற்கிற உலோகத்துக்கு இரண்டு விகுதிகள் எப்படிப் போதும்? 1919-இல் ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலர் எண்ணையே பெயருக்குள் வைத்துவிடலாம் என்று சொன்னது இதனால்தான். ஆகவே யாராவது 'மேலிரும்பு, கீழிரும்பு' என்று தமிழில் அமைக்க நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். நூறு வருடத்துக்கு முன் கழித்துக்கட்டிய குறையை மறுபடி அழைத்து வருவதாகிவிடும்.

செல்வராணி அம்மா, உங்கள் மாணவியின் குழப்பத்துக்கு நான் ஒரு மருந்து சொல்கிறேன். இரும்பை விட்டுவிட்டுச் செம்பைக் கொடுங்கள். Cu₂O-வின் பெயர் என்ன என்று கேளுங்கள். ஆக்சைடு கழித்தல் இரண்டு. அதைச் சமன் செய்ய இரண்டு செம்பு இருக்கிறது, ஆளுக்கு ஒன்று. ஆகவே பெயர் குப்ரம்(I) ஆக்சைடு. வாய்பாட்டில் இரண்டு செம்பு, பெயரில் ஒன்று! CuO-வில் ஒரே செம்பு, ஆனால் பெயர் குப்ரம்(II) ஆக்சைடு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெயரில் உள்ள எண் அணுக்களின் எண்ணிக்கையே அல்ல என்பது நெற்றியில் அடித்தாற்போல் விளங்கும். Fe₂(SO₄)₃-இல் தொடங்கினால் 3 என்ற உருவம் தற்செயலாக இரண்டு இடத்தில் நிற்கும். அது முதல் உதாரணத்துக்கு ஆகாது.

தினேஷின் 'மூவிணை' பற்றிப் பிறகு எழுதுகிறேன். பாதி சரி.

---

யாழினி (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இப்போது இங்கே முதுகலை படிக்கிறேன். க.பொ.த. உயர்தரம் வரை வேதியியல் முழுக்கத் தமிழில்தான் எனக்கு. நாங்களும் இரும்பு(III) குளோரைட்டை 'இரும்பு மூன்று குளோரைட்டு' என்றுதான் வாசித்தோம், ஆகவே அக்காவுக்கு ஆயத்தமாக எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு சொல் இல்லை. ஆனால் ஒரு சொல்லின் வேர் இருக்கிறது.

எங்களுடைய பாடத்தில் மின்னூட்டத்துக்கு 'ஏற்றம்' என்று பெயர். நேரேற்றம், மறையேற்றம் என்போம். தமிழ்நாட்டில் ஆக்சிஜனேற்றம் என்பதை நாங்கள் ஒட்சியேற்றம் என்போம். இரண்டு நாட்டிலும் அதற்குள் 'ஏற்றம்' இருக்கிறது. 'மூவேற்ற இரும்பு' என்று சொன்னால் என்ன? மூவேற்ற இரும்புச் சல்பேட்டு. எண் உலோகத்துக்கு முன்னால் வருகிறது, 'ஏற்ற' என்ற சொல் நடுவில் நின்று 'இது அணுக்கணக்கு இல்லை' என்று தடுக்கிறது.

வெறுமனே 'மூவிரும்பு' என்றோ 'ஈரிரும்பு' என்றோ சுருக்கிவிடக் கூடாது. காபனீரொட்சைட்டு என்று சொல்கிற எங்களுக்கு ஈர், மூ என்ற முன்னொட்டுகள் அணு எண்ணிக்கையைத்தான் குறிக்கும்.

---

அறவாழி எழுதியது:

இப்போது கேள்வி புரிந்தது. யாழினியின் சொல் நன்றாக இருக்கிறது. புணர்ச்சியை நான் சரி பார்த்துக் கொடுக்கிறேன்: ஓரேற்றம், ஈரேற்றம், மூவேற்றம், நாலேற்றம், ஐயேற்றம், ஆறேற்றம், ஏழேற்றம். ஐயேற்றம் கொஞ்சம் விழிக்க வைக்கும், ஐந்தேற்றம் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரு குறை சொல்லியாக வேண்டும். 'ஏற்ற' என்பதற்குப் 'பொருத்தமான' என்றும் பொருள் உண்டு. நமக்கேற்ற, காலத்துக்கேற்ற என்பதுபோல் 'ஆறேற்ற' என்பதை யாராவது ஆற்றுக்கு ஏற்றது என்று படித்தால் நான் பொறுப்பல்ல.

---

இராஜகோபால் எழுதியது:

எனக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. காரணம் அன்பரசனின் தொட்டியில் இருக்கிறது.

அந்தப் பழுப்புத் திரவம் செம்பை அரிக்கும்போது நடப்பது இது:

```
2 FeCl₃ + Cu → 2 FeCl₂ + CuCl₂
```

உலோகச் செம்பு பூச்சியத்தில் இருக்கிறது. கரைந்து போகும்போது ஈரேற்றச் செம்பாகிறது. அது ஏறிய இரண்டு படிக்கு ஈடாக இரண்டு இரும்புகள் ஆளுக்கு ஒரு படி இறங்குகின்றன, மூவேற்றத்திலிருந்து ஈரேற்றத்துக்கு. ஏறியது இரண்டு, இறங்கியதும் இரண்டு. இதை 'இரும்பு மூன்று இரும்பு இரண்டானது' என்று சொல்லிப் பாருங்கள், ஓர் இரும்பு காணாமல் போன மாதிரி இருக்கும். 'மூவேற்ற இரும்பு ஈரேற்றமாக இறங்கியது' என்றால் மொழியே கணக்கைச் செய்துவிடுகிறது. யாழினியின் ஊரில் இந்த இறக்கத்தைத் தாழ்த்தல் என்பார்கள், அதுவும் இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

அன்பரசன், உங்கள் தொட்டியில் திரவம் பழையதாக ஆக அரிப்பு மந்தமாகி, பழுப்பு மங்கிப் பச்சை கலந்து தெரியும் அல்லவா? மூவேற்ற இரும்பு தீர்ந்துகொண்டே வருகிறது, ஈரேற்ற இரும்பும் செம்பும் சேர்ந்துகொண்டே போகின்றன. குளோரின் செலுத்தினால் இரும்பு மறுபடி மூவேற்றத்துக்கு ஏறும். ஆனால் கரைந்த செம்பு அதனால் போகாது.

இனி எச்சரிக்கை. யாழினி சொன்ன இரண்டு 'ஏற்ற'மும் எப்போதும் ஒன்றல்ல. இரும்பு தனி அயனியாக நிற்கும்போது அதன் மின்னூட்டமும் அதன் ஆக்சிஜனேற்ற எண்ணும் ஒரே மூன்று. நான்காம் படிவப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தேவையே இல்லை. பல அணுக்கள் சேர்ந்த அயனிக்குள் உலோகம் புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். மலாய்ப் புத்தகத்தில் பொட்டாசியத்தைக் காலியம் என்பார்களே, அந்தக் காலியம் மங்கனாட்(VII) வந்ததும் பாருங்கள்.

---

செல்வராணி எழுதியது:

இராஜகோபால் ஐயா சொன்னபடி முதலில் செம்பைக் கொடுத்தேன். CuO, Cu₂O இரண்டையும் பார்த்ததும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ பேர்ல இருக்கிறது ஒரு ஆளோட கணக்கு, கீழ இருக்கிறது எத்தனை ஆள்னு" என்றாள். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

'மூவேற்ற இரும்பு நைட்ரேட்', 'ஈரேற்றச் செம்பு பாஸ்பேட்' என்று சொல்லச் சொல்ல வாய்பாடு எழுதினார்கள். Fe(NO₃)₃ எல்லோருக்கும் சரியாக வந்தது. Cu₃(PO₄)₂-இல் ஒருவன் அடைப்புக்குறியை விட்டுவிட்டு Cu₃PO₄₂ என்று எழுதி, நாற்பத்திரண்டு ஆக்சிஜன் ஆக்கிவிட்டான். அது சொல்லின் குற்றம் இல்லை. பாஸ்பேட் என்பது ஒரு குடும்பம், பத்திரிகை வைத்தால் வீட்டோடுதான் வரும், அதனால் வீட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டுத்தான் எத்தனை வீடு என்று எழுத வேண்டும் என்று சொன்னேன்.

ஆனால் ஐயா எச்சரித்த இடத்தில் அப்படியே விழுந்தோம். ஐந்தாம் படிவப் பையன் ஒருவனிடம் 'காலியம், ஏழேற்ற மாங்கனேட்' என்றேன். K₇MnO₄ என்று எழுதினான். அவனிடம் காரணம் கேட்டேன். மூவேற்ற இரும்பு என்றால் இரும்பு அயனிக்கு மூன்று, ஏழேற்ற மாங்கனேட் என்றால் மாங்கனேட் அயனிக்கு ஏழு, காலியம் ஒன்று, ஆகவே ஏழு காலியம் என்றான். நாம் கொடுத்த சொல்லை வைத்து அவன் போட்ட கணக்கில் ஒரு பிசகும் இல்லை. இதற்கு என்ன செய்வது?

---

தினேஷ் எழுதியது:

இதனால்தான் இணைதிறன் என்றேன். ஏற்றம் என்றதும் மின்னூட்டம் என்று நினைத்துவிட்டான். மாங்கனீசு ஆக்சிஜன்களோடு ஏழு பிணைப்பு போடுகிறது, 'ஏழிணை' என்றால் சரியாகப் போயிருக்கும்.

---

இராஜகோபால் எழுதியது:

முதலில் அந்தப் பையனுக்கு. MnO₄ என்ற கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று அவனே கணக்குப் போடட்டும். KMnO₄ முழுவதும் பூச்சியம். காலியம் கூட்டல் ஒன்று. ஆக்சிஜன் ஒவ்வொன்றும் கழித்தல் இரண்டு என்று நாம் கணக்கு எழுதுகிறோம், நான்குக்குக் கழித்தல் எட்டு. மிச்சம் மாங்கனீசு மேல் விழுவது கூட்டல் ஏழு. ஆனால் கூட்டத்துக்கு வெளியே தெரிவது, ஏழும் எட்டும் கழிந்தது போக, கழித்தல் ஒன்று மட்டும். அந்த ஒன்றைத்தான் காலியம் பார்க்கிறது. ஆகவே ஒரே ஒரு காலியம் போதும்.

அந்த ஏழு ஒரு கணக்குப்பிள்ளை எண். இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்தால் மூவேற்ற இரும்பு தனி அயனியாக இருக்கும். அதுபோல் Mn⁷⁺ என்று தனியாக ஒன்று அந்தக் கரைசலில் உலவுவதில்லை.

சரி, எண் வெளி மின்னூட்டத்தைச் சொல்லவில்லை என்றால் அது எதற்கு என்று பையன் கேட்பான். அவனிடம் MnO₄²⁻ என்று எழுதிக் காட்டுங்கள். அதே ஒரு மாங்கனீசு, அதே நான்கு ஆக்சிஜன். மாங்கனீசு ஆறில் நிற்கிறது, ஆகவே மங்கனாட்(VI). அதன் காலிய உப்பு K₂MnO₄, கரைசல் பச்சை. மங்கனாட்(VII) கரைசல் ஊதா. அணுக்களை மட்டும் எண்ணினால் இரண்டு அயனிகளுக்கும் ஒரே பெயர் வந்துவிடும், ரோமன் எண்தான் பிரித்துக் காட்டுகிறது.

வெளி மின்னூட்டத்தையே பெயரில் எழுதும் முறையும் இருக்கிறது. 1949-இல் ஈவன்ஸ், பாசெட் என்ற இருவர் முன்வைத்தது. அதில் சாதாரண எண்ணும் குறியும் அடைப்புக்குள் வரும்: இரும்பு(3+). மாங்கனேட் அயனிக்கு (1−) என்று வரும். அந்தப் பையன் எதிர்பார்த்தது இந்த முறையைத்தான். அவன் சிந்தனை தவறல்ல, தேர்வில் அவன் முன் இருப்பது வேறு முறை, அவ்வளவுதான்.

என் யோசனை: 'ஏழேற்ற மாங்கனேட்' என்று அயனியோடு ஒட்டவே ஒட்டாதீர்கள். எண் யாருக்குச் சொந்தமோ அவரோடு மட்டும் ஒட்டட்டும். 'ஏழேற்ற மாங்கனீசின் மாங்கனேட்' என்று முழுதாகச் சொல்லலாம். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

இப்போது தினேஷ். ஏழிணை என்று சொன்னாலும் அந்தப் பையன் ஏழு காலியத்தைக் கட்டிப் போட்டிருப்பான். அது ஒருபுறம் இருக்கட்டும். பாதி சரி என்றேனே, மற்றப் பாதி பாதரசத்தில் இருக்கிறது. மெர்க்குரி(I) குளோரைடு எழுதுங்கள் பார்ப்போம், உங்கள் குறுக்குவழியிலேயே.

---

தினேஷ் எழுதியது:

Hg⁺, Cl⁻. குறுக்கே மாற்றினால் HgCl.

---

இராஜகோபால் எழுதியது:

அதுதான் பொறி. அந்த உப்பு Hg₂Cl₂. பாதரசம் இந்த நிலையில் தனியாக நிற்காது, இரண்டு அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து Hg₂²⁺ என்று சோடியாகத்தான் வரும். சல்பேட், நைட்ரேட் போல இதுவும் பல அணு அயனிதான், நேர்மின் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. ஆகவே அந்த 2-ஐச் சுருக்கக் கூடாது. நைட்ரேட்டும் Hg₂(NO₃)₂ தான், HgNO₃ அல்ல. குறுக்குவழி தவறில்லை, ஆனால் குறுக்கே மாற்றுவதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் அயனி எது என்று தெரிந்திருக்க வேண்டும். வழி அதைச் சொல்லித் தராது.

இணைதிறனுக்கு வருவோம். இந்தச் சோடியில் ஒவ்வொரு பாதரசமும் இரண்டு பிணைப்பு போடுகிறது, ஒன்று குளோரினோடு, மற்றொன்று பக்கத்துப் பாதரசத்தோடு. இணைதிறன் இரண்டு. ஆனால் பெயரில் (I). ஏனென்றால் பாதரசத்துக்கும் பாதரசத்துக்கும் இடையில் உள்ள பிணைப்பில் யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, ஆக்சிஜனேற்றக் கணக்கில் அது பூச்சியம். சோடிக்குக் கூட்டல் இரண்டு, ஆளுக்கு ஒன்று. ஈரிணைப் பாதரசம் என்றால் மெர்க்குரி(II)-ஓடு கலந்துவிடும். HgCl₂ கடும் நஞ்சு, தண்ணீரில் கரையும். Hg₂Cl₂ தண்ணீரில் அநேகமாகக் கரையாது. பெயர் கலந்தால் ஆய்வகத்தில் ஆபத்து.

---

தினேஷ் எழுதியது:

பாதரசம் விதிவிலக்கு ஐயா. எஸ்பிஎம் பிள்ளைகள் அதைத் தொடப் போவதில்லை. இரும்புக்கும் செம்புக்கும் மூவிணை, ஈரிணை அழகாகவே இருக்கிறது. என் ஓட்டு இன்னும் அதற்குத்தான்.

---

யாழினி எழுதியது:

தினேஷ் அண்ணா, விதிவிலக்கிலே உடைகிற சொல்லை முதலிலேயே ஏன் எடுக்க வேண்டும்? பல்கலைக்கழகம் போகும்போது ஒருமுறை கற்றதை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஓரேற்றப் பாதரசம் என்றால் எங்கேயும் உடையவில்லை.

ஆனால் இராஜகோபால் ஐயாவின் 'ஏழேற்ற மாங்கனீசின் மாங்கனேட்' எனக்கு வாயில் நுழையவில்லை. மாங்கனேட்டுக்கு மட்டும் 'மாங்கனேட், ஏழாம் ஏற்றம்' என்று பின்னால் வைத்தால் என்ன? முன்னால் வந்தால் தனி அயனியின் மின்னூட்டம், பின்னால் வந்தால் உள்ளே இருக்கும் உலோகத்தின் கணக்கு என்று ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொள்ளலாம்.

---

அறவாழி எழுதியது:

முன்னால் வந்தால் ஒன்று, பின்னால் வந்தால் வேறு என்பது இலக்கணத்தில் நிற்கும், வகுப்பறையில் நிற்காது. பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். எனக்கு ஐயாவின் நீளமான வடிவமே மேல்.

---

செல்வராணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு என் வகுப்புக்கு இப்படி வைத்துக்கொள்கிறேன். தனி உலோக அயனிகளுக்கு ஈரேற்ற, மூவேற்ற. எழுதும்போது ரோமன் எண், உலோகத்தின் பெயரை ஒட்டி, நடுவில் இடம் விடாமல். காலியம், நாத்ரியம், கால்சியம், அலுமினியம், துத்தநாகம் இவற்றுக்கு எண்ணே கிடையாது, அவை மாறாதவை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் புதுச்சொல் கிடைத்த உற்சாகத்தில் ஒருவன் 'ஓரேற்ற நாத்ரியம் குளோரைடு' என்று எழுதிவிட்டு, அதை மலாயில் நாத்ரியம்(I) குளோரிடா என்றும் ஆக்கிவிட்டான். துத்தநாகம் அட்டவணையில் இரும்புக்கும் செம்புக்கும் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கும் (II) போடுகிறார்கள்.

மாங்கனேட்டையும் டைகுரோமேட்டையும் இப்போதைக்கு மலாய்ப் பெயராலேயே சொல்லப் போகிறேன். ஐந்தாம் படிவத்தில் ஆக்சிஜனேற்ற எண்ணை நடத்திய பிறகு, ஐயாவின் வடிவத்தை ஒரு குழுவுக்கும் யாழினியின் வடிவத்தை இன்னொரு குழுவுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். டைகுரோமேட்டில் இரண்டு குரோமியம் இருக்கிறது, Cr₂O₇²⁻. ஆக்சிஜன் ஏழுக்குக் கழித்தல் பதினான்கு, வெளியே கழித்தல் இரண்டு, ஆகவே இரண்டு குரோமியத்துக்கும் சேர்த்துக் கூட்டல் பன்னிரண்டு, ஆளுக்கு ஆறு. 'டை' என்பது அணுக்கணக்கு, (VI) என்பது ஓர் ஆளின் கணக்கு, வெளியே தெரிவது இரண்டு. ஒரே பெயரில் மூன்று வித எண்கள் மோதுகின்றன. எந்த வடிவம் தேறுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

---

அன்பரசன் எழுதியது:

எங்கள் கிடங்கில் தமிழ்ப் பையன்கள் நிறைய. டிரம் மேல் 'மூவேற்ற இரும்பு குளோரைடு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டேன். விதிப்படி லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும், அதை மறைக்காமல் அலமாரியில் தனியாக ஒட்டிக்கொள் என்றார். ஒட்டியாகிவிட்டது. ஃபெரிக், ஃபெரம்(III) இரண்டும் இப்போது ஒரே அடுக்கில் இருக்கின்றன.

இன்னொன்று கேட்க வேண்டும். பயன்படுத்தி முடித்த திரவத்தைத் தனி டிரம்மில் சேர்த்துக் கழிவுக்கு அனுப்புகிறோம். அதில் ஈரேற்ற இரும்பும் மிச்சமுள்ள மூவேற்ற இரும்பும் ஈரேற்றச் செம்பும் கலந்துதானே இருக்கும்? அந்த அலமாரிக்கு என்ன பெயர் எழுத?